குளம், திருப்பம், அம்புக்குறி

அழைப்பிதழ் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது பெயர்களை. அடுத்து தேதி, நேரம். பின்பக்க மூலையில் ஒரு சின்னப் படம் இருக்கும். நாலு கோடு, இரண்டு பெட்டி, ஓர் அம்புக்குறி, மேலே ‘மண்டபத்துக்குச் செல்லும் வழி’ என்று ஒரு வரி. அன்றைக்கு அதை யாரும் பார்ப்பதில்லை. விழா நாள் மாலையில், ஆட்டோக்காரர் “எந்தப் பக்கம் சார்?” என்று திரும்பிக் கேட்கும்போதுதான் பத்திரிகை பையிலிருந்து வெளியே வரும்.

அந்த நேரத்தில் பல படங்கள் கைவிட்டுவிடுகின்றன. தப்பு செய்வதற்குப் பழகிப்போன வழிகள் இரண்டு. ஒன்று, கைபேசித் திரையில் தெரியும் வரைபடத்தை அப்படியே படம்பிடித்து அச்சகத்துக்கு அனுப்புவது. திரையில் அது பளிச்சென்று தெரியும். ஏனென்றால் அங்கே சாலைக்கு ஒரு நிறம், பூங்காவுக்கு ஒரு நிறம், கடைகளுக்கு ஒரு நிறம் உண்டு. விரலால் பெரிதாக்கியும் பார்க்கலாம். சந்தன நிற அட்டையில் அரக்குச் சிவப்பு மை ஒன்றிலேயே அச்சாகும்போது அந்த வேறுபாடுகள் எல்லாம் போய்விடும். முக்கியச் சாலையும் முட்டுச்சந்தும் ஒரே கோடாகிவிடும். அட்டையில் எழுத்து தெளிவாக விழ ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது அச்சகங்களின் பொதுக் கணக்கு. திரையில் பிடித்த படத்தில் அந்த அளவு இல்லாவிட்டால் தெருப்பெயர்கள் மைத்தீற்றலாகிவிடும்.

இரண்டாவது வழி, மண்டபத்தார் கொடுக்கும் பழைய படத்தை வாங்கிப் போட்டுக்கொள்வது. அதில் இருக்கும் தியேட்டர் இடிந்து வணிக வளாகமாகியிருக்கும். பெட்ரோல் பங்க் மூடியிருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அதனால் சிரமமில்லை. படத்தை நம்பி வருபவர் வெளியூர்க்காரர். அவர் இல்லாத தியேட்டரைத் தேடிக்கொண்டிருப்பார்.

புதிதாக ஒரு படம் வரைவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. அரைத்தாள், பென்சில், ஒரு மாலைப் பொழுது போதும். எதை வரைவது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் யோசனை தேவை. நாமறிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாக வரைந்து பார்க்கலாம்.

சென்னை மயிலாப்பூர், கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன் இருக்கிறது. மார்கழிக் கச்சேரிகளும் நாட்டிய அரங்கேற்றங்களும் நடக்கும் அரங்கு. அங்கே மாலை ஆறு மணிக்கு ஓர் அரங்கேற்றம் என்று வைத்துக்கொள்வோம். அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஏழு செ.மீ. அகலமும் பத்து செ.மீ. உயரமும் உள்ள இடம் கிடைத்திருக்கிறது.

பென்சிலை எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: வருபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அழைப்பாளர் பட்டியலைப் புரட்டினால் விடை கிடைக்கும். ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பக்கத்து உறவினர்கள் வடக்கிலிருந்து லஸ் கார்னர் வழியாக வருவார்கள். பறக்கும் ரயிலில் வருபவர்கள் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் அதுவும் லஸ் அருகில்தான். அடையாறு, திருவான்மியூர்க்காரர்கள் தெற்கிலிருந்து மந்தைவெளியைத் தாண்டி வருவார்கள். சாந்தோம் பக்கமிருந்து கச்சேரி சாலையில் வருபவர்களையும் அந்தச் சாலை லஸ்ஸில்தான் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆக, நூறு பேர் நூறு வீட்டிலிருந்து கிளம்பினாலும் கடைசியில் இரண்டே வாசல்கள்: வடக்கே லஸ், தெற்கே மந்தைவெளி. படம் இந்த இரண்டு இடங்களுக்கு இடையில் அடங்கினால் போதும். கிளாம்பாக்கத்திலிருந்தோ எழும்பூரிலிருந்தோ மயிலாப்பூருக்கு எப்படி வருவது என்பதை இந்தச் சின்னப் படத்தின் தலையில் கட்டக் கூடாது. மயிலாப்பூர் வரை வந்துசேர ரயில் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த கடைசி இடத்திலிருந்து யாருக்கும் சரியாகத் தெரியாத வாசல்வரை கொண்டுவிடுவதே படத்தின் வேலை.

பல திசைகளிலிருந்து பலர் ஓர் இடத்துக்கு வரும் இந்த வகைப் படத்தைக் கணினி ஆய்வாளர்களும் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். யோஹானஸ் காப்ஃப், மனீஷ் அகர்வாலா உள்ளிட்ட குழுவினர் 2010-இல் இப்படிப்பட்ட படங்களைத் தானாக வரையும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். பெரிய சாலைகள், அவற்றிலிருந்து பிரியும் நடுத்தரச் சாலைகள், கடைசியில் வாசலுக்குப் போகும் தெரு என்று ஒரு வரிசையில் தேவையான சாலைகளை மட்டும் தேர்ந்துகொண்டு மற்றதை விட்டுவிடுவது அதன் அடிப்படை. பத்திரிகைக்குப் படம் போடுபவரும் அந்த வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும்.

மயிலாப்பூரில் அந்த வரிசை இப்படி அமையும். லஸ்ஸையும் மந்தைவெளியையும் இணைப்பது ஆர்.கே.மடம் சாலை. தாளின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடித்த கோடு. அதிலிருந்து வலப்பக்கம் பிரியும் இரண்டு கோடுகள்: மேலே வடக்கு மாட வீதி, கீழே தெற்கு மாட வீதி. அந்த இரண்டையும் தாளின் வலப்பக்கத்தில் இணைப்பது கிழக்கு மாட வீதி. கோடுகள் அவ்வளவுதான். நடுவில் கிடைக்கும் கட்டத்துக்குள் இடப்பக்கம் குளம், வலப்பக்கம் கபாலீசுவரர் கோயில். மேலே லஸ்ஸில் வலப்பக்கம் பிரியும் கச்சேரி சாலைக்கு ஒரு சிறு துண்டுக்கோடு.

இங்கே கை சும்மா இருக்காது. மயிலாப்பூரில் சந்துகளுக்குப் பஞ்சமில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் “இந்தச் சந்துல நுழைஞ்சா ரெண்டு நிமிஷம் மிச்சம்” என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குறுக்கு வழி என்பது தெரிந்தவருக்கு மட்டுமே குறுக்கு வழி. படத்தில் ஒரு சந்தைச் சேர்த்தால் திருப்பம் ஒன்று கூடும்; திருப்பம் கூடினால் தப்பாகத் திரும்பும் வாய்ப்பும் கூடும். திரும்ப வேண்டிய சாலைகளும், அவற்றைத் தவறவிட்டால் போய்ச் சேரும் சாலையும் தவிர மற்ற அத்தனையையும் விட்டுவிடலாம்.

தவறவிட்டால் போய்ச் சேரும் சாலை ஏன் வேண்டும்? லஸ்ஸிலிருந்து வருபவர் கிழக்கு மாட வீதியில் நுழைந்து அரங்கைக் கவனிக்காமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். நேரே தெற்கு மாட வீதி முனையில் போய் நிற்பார். படத்தில் அந்த முனை இருந்தால் ‘தாண்டி வந்துவிட்டோம்’ என்பது அவருக்கே புரிந்துவிடும். அந்த வீதி அவர் வரும் பாதையில் இல்லாவிட்டாலும் அவருக்குப் பயன்படுகிறது. மந்தைவெளியிலிருந்து வருபவருக்கு வடக்கு மாட வீதி முனை அதே வேலையைச் செய்யும்.

அடுத்தது அடையாளங்கள். மயிலாப்பூர் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது கபாலீசுவரர் கோயிலின் ராஜகோபுரம். 37 மீட்டர் உயரம். படத்தில் பெரிதாக அதைத்தான் வரையத் தோன்றும். ஆனால் அது கிழக்குக் கோபுரம்; சந்நிதித் தெருவைப் பார்த்து நிற்கிறது. ஆர்.கே.மடம் சாலையில் வருபவர் கோயிலின் மேற்குப் பக்கத்தில் வருகிறார். அவர் முதலில் பார்ப்பது குளத்தை. ‘எங்கே திரும்புவது?’ என்று அவர் தவிக்கும் இடத்தில் கையைப் பிடித்து நிறுத்துவது குளம்தான். கோபுரம் அதற்குப் பிறகு, கிழக்கு மாட வீதிப் பக்கம் போய்ச் சேர்ந்தபின், ‘சரியான இடத்துக்கு வந்துவிட்டோம்’ என்று உறுதிசெய்துகொள்ள உதவும்.

அடையாளத்தைத் தேர்ந்தெடுக்கும் விதி இதிலிருந்து கிடைக்கிறது. புகழ்பெற்றதா என்று பார்க்க வேண்டாம். திரும்பும் இடத்தில் இருக்கிறதா, வண்டியில் போகும்போது கண்ணில் படுகிறதா, மாலை ஆறு மணி இருட்டிலும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு திருப்பத்துக்கு ஓர் அடையாளம் போதும். நேராகப் போகும் நீண்ட சாலையாக இருந்தால் நடுவில் ஒன்று சேர்க்கலாம். வருபவர் வழி தப்பவில்லை என்ற தைரியத்தோடு போவார்.

எளிதில் மாறாத பொருளாகவும் இருக்க வேண்டும். கோயில், குளம், ரயில் நிலையம், தேவாலயம், மசூதி, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, பாலம் ஆகியவை நம்பத் தகுந்தவை. கடைப் பலகைகளும் ஏ.டி.எம்.களும் விளம்பரத் தட்டிகளும் நம்பத் தகாதவை. பெரிய அடையாளங்கள்கூட மறைவதுண்டு. கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் சென்னைக்காரர்கள் வழி சொல்லப் பயன்படுத்திய இடம். அது 2008-இல் மூடப்பட்டது. 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. 2008-க்கு முன் வரைந்த ஒரு படத்தை அதே வட்டாரத்து மண்டபம் ஒன்று இன்றும் கொடுத்துக்கொண்டிருந்தால், சென்னைக்குப் புதியவர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஜெமினி ஸ்டூடியோ போய் வெகுகாலமாகிறது. அங்கே உள்ள மேம்பாலத்தின் பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால் ஆட்டோ ஓட்டுநரிடம் ஜெமினி என்றால்தான் வண்டி கிளம்பும். பொருள் மறைந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது. படத்தில் எழுத வேண்டியது வாய்வழங்கும் பெயர். அந்த இடத்துப் பெயர்ப்பலகை வேறு மாதிரி சொன்னால் இரண்டையும் எழுதிவிடலாம். மற்றபடி அரசாணைப் பெயரை முழுதாக எழுதி இடத்தை அடைப்பதில் பயனில்லை.

இனி, இந்தப் படத்தில் இருக்கும் ஒரு பெரிய சிக்கலுக்கு வருவோம்.

வழக்கப்படி வடக்கை மேலே வைத்து வரைந்திருக்கிறோம். லஸ் மேலே, மந்தைவெளி கீழே, கிழக்கு மாட வீதி வலப்பக்கம். லஸ்ஸிலிருந்து வருபவர் படத்தில் மேலிருந்து கீழே இறங்குகிறார். குளத்தருகே வடக்கு மாட வீதிக்குள் திரும்ப வேண்டும். படத்தில் அந்த வீதி வலக்கைப் பக்கம் இருக்கிறது. ஆனால் தெற்கு நோக்கி வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அது இடக்கைப் பக்கம்! அவசரத்தில் படத்தைப் பார்த்து “ரைட்ல திரும்புப்பா” என்று சொல்லிவிட்டால் வண்டி எதிர்ப்பக்கம் போய்விடும். மந்தைவெளியிலிருந்து வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் படத்தில் கீழிருந்து மேலே ஏறுகிறார். படத்தின் வலமும் அவருடைய வலமும் ஒன்றே.

படத்தைத் தலைகீழாக்கி, லஸ்ஸைக் கீழே வைத்து வரையலாமே என்று தோன்றும். எல்லோரும் ஒரே பக்கமிருந்து வருவதாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கிராமத்து மண்டபம் ஒன்றுக்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஒரே சாலைதான் என்றால், பேருந்து நிலையத்தைத் தாளின் அடியில் வைத்து மேல்நோக்கி வழி வரைவதே சரி. திசை எதுவானாலும் வருபவரின் இடவலம் தப்பாது. மயிலாப்பூரில் இரு பக்கமிருந்தும் ஆள் வருகிறார்கள். ஒருவருக்கு நேராக்கினால் மற்றவருக்குத் தலைகீழாகிவிடும். கைபேசி வரைபடத்தைத் திறந்ததும் பொதுவாக வடக்கு மேலே வருவதால், அதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இதுவே வசதி. எனவே வடக்கு மேலேயே இருக்கட்டும். படத்தில் இடம், வலம் என்று எழுதவே வேண்டாம். குளத்தைக் கண்ணில் பட்டதும் தெரிகிற மாதிரி வரைந்து, குளமும் கோயிலும் உள்ள பக்கமாக அம்புக்குறி வளைவதைக் காட்டினால், திரும்ப வேண்டிய பக்கத்தை வருபவர் கண்ணாலேயே தீர்மானித்துக்கொள்வார்.

அம்புக்குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே படத்தில் அம்புக்குறிகள் மூன்று வேலை பார்ப்பதைக் காணலாம்: ஒன்று போகும் வழியைக் காட்டும், இன்னொன்று ஒருவழிப் பாதையைக் காட்டும், மூன்றாவது ‘அடையாறுக்கு’ என்று படத்துக்கு வெளியே கை நீட்டும். பார்ப்பவருக்கு எது எதுவென்று தெரியாது. வழியைக் காட்டுவதற்கு மட்டும் அம்புக்குறியை வைத்துக்கொள்வது நல்லது. படத்தின் விளிம்பில் சாலை முடியும் இடத்தில் ‘ராயப்பேட்டையிலிருந்து’, ‘அடையாறிலிருந்து’ என்று எழுதி அங்கிருந்து உள்ளே வரும்படி ஓர் அம்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்த அம்பு ஒன்று. வாசலில் ஒன்று. இவ்வளவே போதும். வடக்கைக் காட்ட மூலையில் ‘வ’ என்ற எழுத்தோடு சின்னக் குறி போட்டுவிடலாம்.

அளவு பற்றிய கவலை பலருக்கு இருக்கிறது. படம் அளவுக்குச் சரியாக இல்லாவிட்டால் தப்பில்லையா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பார்பரா ட்வெர்ஸ்கி, பால் லீ என்ற இரு உளவியலாளர்கள், வளாகத்தில் எதிர்ப்பட்ட மாணவர்களை நிறுத்தி, பக்கத்து உணவகம் ஒன்றுக்கு வழி கேட்டார்கள். சிலரை வரைந்து காட்டச் சொன்னார்கள். சிலரை எழுதித் தரச் சொன்னார்கள். வரைந்தவர்கள் சாலைகளின் உண்மையான கோணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. திருப்பம் எந்தச் சாய்வில் இருந்தாலும் ஏறக்குறைய செங்கோணமாகவே போட்டார்கள். அப்படி வரைந்தாலும் வழி புரியத்தான் செய்கிறது. வழி தேடுபவருக்கு வேண்டியது எங்கே, எந்தப் பக்கம் திரும்புவது என்பதே. எத்தனை பாகை என்பதல்ல.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனீஷ் அகர்வாலாவும் கிறிஸ் ஸ்டோல்டேவும் 2001-இல் கையால் வரைந்த வழிப்படங்களின் இந்தக் குணங்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நீண்ட சாலையைச் சுருக்குவது, குட்டிச் சாலையை நீட்டுவது, வளைவை நேராக்குவது, கோணத்தைச் சீராக்குவது எல்லாமே வழியைத் தெளிவாக்கும் உத்திகள் என்பது அவர்கள் ஆய்வின் அடிப்படை.

மயிலாப்பூர்ப் படத்தில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஜெமினியிலிருந்து தொடங்கி அரங்குவரை சுமார் 4 கி.மீ. வழியை அளவு மாறாமல் பத்து செ.மீ. தாளில் வரைந்தால், 400 மீட்டருக்கு ஒரு செ.மீ. கிடைக்கும். விருந்தினர் தடுமாறப்போகும் மாட வீதிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். யாரும் வழி தவறாத கதீட்ரல் சாலை தாளை அடைத்துக்கொள்ளும். நாம் லஸ்ஸிலிருந்து தொடங்கியதால் இது பாதி தீர்ந்தது. மீதிக்கு, லஸ்ஸுக்கும் குளத்துக்கும் இடையிலான சாலையைக் குறுக்கி, கிழக்கு மாட வீதியை நீட்டி, அகலமாகவும் போடலாம். வாசல் வீதியின் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கோட்டை ஒட்டியே பெட்டி வர வேண்டும். வீதி நடுவில் புள்ளி வைக்கக் கூடாது. நீளத்தை மாற்றலாம், வரிசையை மாற்றக் கூடாது. குளம், கோயில், சந்நிதித் தெரு, அரங்கு எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில்தான் படத்திலும் வர வேண்டும். நீளத்தை மாற்றியதால், ‘அளவுக்கு வரையப்படவில்லை’ என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால், தூரத்தைக் கோடு அளந்து கணக்கிட யாரும் முயல மாட்டார்கள்.

எழுத்துகளுக்கு வருவோம். இந்தப் படத்துக்கு எத்தனை பெயர்கள் வேண்டும்? லஸ் கார்னர், திருமயிலை ரயில் நிலையம், மந்தைவெளி, கச்சேரி சாலை, ஆர்.கே.மடம் சாலை, வடக்கு மாட வீதி, தெற்கு மாட வீதி, கிழக்கு மாட வீதி, குளம், கோயில், அரங்கின் பெயர். பதினொன்று. இதிலும் குறைக்க இடம் இருக்கிறது. படிக்கட்டு போட்ட சதுரமாக வரைந்தால் குளத்துக்குப் பெயர் தேவையில்லை. கோபுரம் வரைந்தால் கோயிலுக்கும் தேவையில்லை. மாட வீதிகளில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ‘மாட வீதி’ என்று மொட்டையாக எழுதினால் அங்கே அது எந்த வீதியாகவும் இருக்கலாம். வடக்கு, தெற்கு, கிழக்கு என்ற சொற்கள்தான் இந்த இடத்தில் பெயரின் உயிர்.

தமிழ்ப் பெயர்கள் நீளம். மேலிருந்து கீழாக ஓடும் சாலைக்குப் பெயர் எழுதும்போது, ஒவ்வோர் எழுத்தாக அடுக்கி எழுதும் வழக்கம் சில படங்களில் இருக்கிறது. தமிழுக்கு அது ஒத்துவராது. ‘கோ’ என்ற ஒரே எழுத்தில் மூன்று துண்டுகள். அடுக்கும்போது கொம்பு ஒரு வரியிலும் கால் இன்னொரு வரியிலும் விழுந்துவிடும். பெயரை முழுதாகப் பக்கவாட்டில் சாய்த்து, கீழிருந்து மேலாகப் படிக்கும்படி சாலையோரம் எழுதலாம். இடமிருந்தால் சாலைக்கு வெளியே நேராக எழுதி ஒரு மெல்லிய கோட்டால் இணைப்பது இன்னும் நல்லது.

படத்தைப் பெரிதாக வரைந்து சிறிதாக்குவது அச்சுத் தொழிலின் பழைய வழக்கம். அரைத்தாள், அதாவது ஏ5 தாளில் வரைந்து நீளம் அகலம் இரண்டையும் பாதியாக்கினால் ஏ7 கிடைக்கும். அது சுமார் 74-க்கு 105 மி.மீ. நமக்குக் கிடைத்த இடத்துக்கு ஏறக்குறைய பொருந்தும். பாதியாக்கும்போது கை நடுக்கம் மறைந்துவிடும். ஆனால் கோடும் எழுத்தும் பாதியாகும். அரைத்தாளில் 5 மி.மீ. உயரத்தில் எழுதியது அச்சில் இரண்டரை மி.மீ. ஆகும். அதற்கும் கீழே போனால் ‘ண’, ‘ஞ’, ‘ஸ்ரீ’ போன்ற சுழி உள்ள எழுத்துகளின் உள்ளிடம் மையால் அடைபட்டுவிடும். கணினியில் எழுத்து கோக்கும்போதும் எட்டுப் புள்ளிக்குக் கீழே போகாமல் இருப்பது தாத்தா பாட்டிகளுக்குச் செய்யும் உதவி. தங்கத்தாள் ஒட்டி அச்சிடும் பத்திரிகை என்றால் படத்தை அந்தத் தங்கத்தில் போடவே கூடாது. மெல்லிய கோடு அதில் அறுந்துபோகும்; வெளிச்சத்தில் கூசும். உள்தாளில் கறுப்பு மையில் இருக்கட்டும்.

நம்மூர் அச்சகங்கள் பலவற்றில் படத்தைக் கோரல்டிராவில் திருத்தி வரைவார்கள். தமிழ் எழுத்துரு இன்னொரு கணினியில் இல்லாவிட்டால் தெருப்பெயர் கட்டம் கட்டமாகவோ சம்பந்தமில்லாத குறிகளாகவோ மாறிவிடும். கோப்பை அனுப்பும் முன் எழுத்துகளைக் ‘கர்வ்’ ஆக்கிவிட்டால் இந்த ஆபத்து இல்லை. டி.டி.பி. செய்பவரிடம் சொன்னால் அவருக்கே தெரியும். ஆனால் அதற்குப் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால், முதலில் பிழை பார்த்துவிட வேண்டும்.

கைபேசியில் ஒரு சொடுக்கில் வழி கிடைக்கிறதே, கியூ.ஆர். கட்டம் ஒன்று போட்டால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. கட்டத்தையும் போடலாம், சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, இரண்டு செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக. ஆனால் கைபேசி கொண்டுபோய் விடுவது அந்த இடத்தைக் குறித்தவர் குத்திய புள்ளியில். அந்தப் புள்ளி கட்டடத்தின் பின்சுவரில் இருக்கலாம். வாசல் எந்தத் தெருவில், வண்டியை எங்கே விடுவது என்பதைக் கையால் வரைந்த படம் சொல்லும். மயிலாப்பூரில் கார் நிறுத்தும் இடம் பெரிய பிரச்சினை. அரங்கத்தாரைக் கேட்டு, கார் நிறுத்த ஒதுக்கிய இடத்தை ‘கார்’ என்ற சொல்லோடு குறித்துவிட்டால், வாகனத்தில் வருபவர் கச்சேரி பாதியில் உள்ளே நுழைய மாட்டார்.

இனி சோதனை. படத்தை உண்மை அளவில் சாதாரணத் தாளில் அச்சடித்து, மயிலாப்பூர் பக்கமே போகாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். “லஸ்லேர்ந்து எப்படிப் போவீங்க, வாயால சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அவர் எந்த இடத்தில் நிறுத்தி யோசிக்கிறாரோ அங்கே ஓர் அடையாளம் குறைகிறது. எந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லையோ அதை அநேகமாக அழித்துவிடலாம். தாண்டிப் போனதைக் காட்டும் முனையை மட்டும் விட்டுவைக்கலாம். பிறகு அதே படத்தைக் கைபேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, திறந்து பார்க்க வேண்டும். அழைப்பிதழ் இன்று பாதிப் பேருக்கு அப்படித்தான் போகிறது. அதிலும் பெயர்கள் படிக்க முடிந்தால் படம் தேறிவிட்டது.

மிச்சமிருப்பது நேரில் போய்ப் பார்ப்பது. அதை விழா நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் செய்வது உத்தமம். காலை பத்து மணிக்குக் காலியாக இருக்கும் வீதி மாலையில் பூக்கடையும் காய்கறிக்கடையும் கூட்டமுமாக இருக்கும். ஒருவழிப் பாதை எது என்பது பலகையைப் பார்த்தால்தான் உறுதியாகும். மெட்ரோ ரயில் பணிக்காக லஸ், மந்தைவெளி வட்டாரத்தில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட மாற்றம் எப்போது வரும், எப்போது விலகும் என்பது போக்குவரத்துக் காவல்துறை அறிவிப்பைப் பார்த்தால்தான் தெரியும். தேதிக்கும் வழிக்கும் உறவு உண்டு. பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரும் எட்டாம் நாள் அறுபத்து மூவரும் மாட வீதிகளில்தான் வலம் வருகின்றன. அந்த நாள்களில் அங்கே விழா வைத்தால், எவ்வளவு நல்ல படமும் காரை வாசலுக்குக் கொண்டுபோகாது. லஸ்ஸில் இறங்கி நடந்து வரும்படி வழியை மாற்றி வரைவதுதான் அப்போது செய்யக்கூடியது.

அழைப்பிதழின் புரூஃப் வந்ததும் வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பெயர்களில் ஒற்று மிகுந்திருக்கிறதா, இனிஷியல் சரியா என்று பார்ப்பார்கள். அதே நாலு பேரில் ஒருவரிடம் பின்பக்கத்து வரைபடத்தையும் கொடுத்து, அம்புக்குறி ஒவ்வொன்றின் மீதும் விரல் வைத்து வாசல்வரை போகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போடுங்கள்.